ராத்திரி ரயிலுக்குக் கறித் தொக்கும் முட்டையும்

“சாயங்காலம் எழும்பூரில் திருநெல்வேலி ரயில். நான், கணவர், ஆறு வயதுப் பையன். மதியமே மட்டன் தொக்கு வைத்து, முட்டை அவித்து எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் சாப்பிடுவோம். சூடாகவே மூடிவிடு என்கிறார் அத்தை. நன்றாக ஆறவிட்டு மூடு என்கிறார் கணவர். எது சரி?”
– வாசகி, தண்டையார்பேட்டை

உங்கள் அத்தை சொல்வதைச் செய்யுங்கள். ஆனால் டிபன் கேரியரிலோ சாதாரண ஹாட் பாக்ஸிலோ வேண்டாம். எவர்சில்வர் கேரியரில் தொக்கு சீக்கிரமே வெதுவெதுப்பாகிவிடும். ஹாட் பாக்ஸில் அதே நிலைக்கு வரச் சில மணி நேரம் பிடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆபத்து அந்த வெதுவெதுப்பில்தான் இருக்கிறது.

கறியில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற ஒரு பாக்டீரியா இருக்கலாம். அதன் வித்துகள் கொதியிலும் சாகாமல் பிழைத்துவிடும். குழம்பு 45 டிகிரி வாக்கில் நிற்கும்போது, பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகிவிடும். இதைச் சாப்பிட்டால் மறுநாள் வயிற்றைப் பிசைந்து பேதியாகும். இதில் மோசம் என்னவென்றால், தொக்கு மணமாகவே இருக்கும். முகர்ந்து பார்த்துவிட்டு நல்லாத்தான் இருக்கு என்று பையனுக்கு ஊட்டிவிடாதீர்கள். நுரை, வழவழப்பு, புளிப்பு வாடை இருந்தால் கெட்டது என்று தெரியும்; அவை இல்லை என்பதால் நல்லது என்று ஆகிவிடாது. மிளகும் மஞ்சளும் தூக்கலாகப் போட்டாலும் இதைத் தடுக்காது.

ஆகவே 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும், இல்லை 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரம்தான்.

சாப்பாட்டுக்கென்றே வாய் அகன்ற ஸ்டீல் பிளாஸ்க் கிடைக்கிறது. இரண்டு சுவர் வைத்து நடுவில் வெற்றிடம் விட்டது. அதை வாங்கிப் பயணத்துக்கு முன்பே ஒரு நாள் சோதியுங்கள். கொதிக்கும் தண்ணீரை நிரப்பி மூடி, ஏழு மணி நேரம் கழித்துத் திறந்து சமையல் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். 60-க்கு மேலே காட்டினால் அந்த பிளாஸ்க் உங்களுக்கு ஆகும். கெட்டியான தொக்கு தண்ணீரை விடச் சீக்கிரம் ஆறும் என்பதால், 65, 70 காட்டினால் இன்னும் நிம்மதி.

பயணத்தன்று இரண்டரை மணிக்குத் தொக்கை நன்றாகக் கொதிக்கவிடுங்கள். அது கொதிக்கும்போதே பிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். அப்புறம் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தளதளவென்று கொதிக்கிற தொக்கைக் கழுத்துவரை நிரப்பி உடனே மூடுங்கள். பாதி மட்டும் நிரப்பினால் மேலே இருக்கும் காற்று சூட்டை இழுத்துக்கொள்ளும். சுக்காவாக வறண்டிருந்தாலும் இதே தொல்லைதான், துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அதனால் கொஞ்சம் மசாலா நீர் நிற்கிற தொக்காகவே வையுங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கி ரயிலில் உட்காரும் வரைக்கும், அதற்கப்புறம் ஒன்பது மணி வரைக்கும் மூடியைத் திறக்காதீர்கள். “எப்படி இருக்குன்னு பாக்கறேன்” என்று பையன் கேட்டாலும்கூட.

உங்கள் கணவர் சொன்னபடி மேடையில் ஆறவைத்து மூடினால், கறி அந்த வெதுவெதுப்பிலேயே நீண்ட நேரம் நின்றுவிடும். ஆற வைப்பதாக இருந்தால், முந்தின நாளே சமைத்து அகலமான தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும் பிரிட்ஜில் வைத்து, அப்புறம் பிரீசரில் கட்டியாக்குங்கள். ஊரில் இருப்பவர்களுக்குக் கொண்டுபோகும் கறிக்கு இதுதான் வழி. காசிமேட்டில் மீன் அனுப்புவதைப் போலத் தெர்மாகோல் பெட்டியில், உறைந்த தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே வையுங்கள். இறங்கும்போது நடுவில் பனிக்கட்டி மிச்சம் இருந்தால் சரி; நன்றாகக் கொதிக்கவைத்துப் பரிமாறலாம். உருகி வெதுவெதுப்பாகியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

முட்டைக்கு வருவோம். அவித்த முட்டையும் இரண்டு மணி நேர சமாச்சாரம்தான். ஓடு இருப்பதால் நாள் கணக்கில் தாங்கும் என்பது தவறு. முட்டையின் மேலிருக்கும் மெல்லிய பூச்சு வேகும்போது போய்விடும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. சூடான முட்டையைக் குளிர்ந்த நீரில் போட்டால் ஆறும்போது அந்த நீரை உள்ளே இழுக்கும். எனவே குடிக்கிற தண்ணீரில் போட்டு ஆறவைத்து, உரிக்காமல் பிரிட்ஜில் வைத்து, உறைந்த பாட்டிலோடு சின்ன பையில் கட்டுங்கள். ரயிலில் கை கழுவிய பிறகே உரியுங்கள். தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா கை வழியாக உணவுக்குப் போய், உண்டாக்கும் விஷம் மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது.

பிளாஸ்க்கைத் திறந்தபின் மிஞ்சும் தொக்கைக் காலை இட்லிக்கு என்று வைக்க வேண்டாம். மூன்று பேருக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே வையுங்கள். காலையில் ஊர் வந்துவிடுமே.