நண்பர் கட்டாத வாடகைக்கு நான் பொறுப்பா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருப்பவர்களிடமிருந்து வந்தவை. கீழே உள்ள பதில்களும் இங்கிலாந்துச் சட்டத்துக்கே பொருந்தும். ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லெஸ்டரில் நான்கு மாணவர்கள் ஒரு வீட்டில் இருக்கிறோம். மொத்த வாடகை மாதம் 2,000 பவுண்டு, தலைக்கு 500. ஒருவன் மூன்று மாதமாகப் பணம் தரவில்லை. பாக்கி 1,500 பவுண்டையும் என்னிடம் கேட்டு ஏஜென்ட் மெயில் அனுப்பியிருக்கிறார். என் 500-ஐ நான் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருக்கிறேனே?

முதலில் அக்ரிமென்ட்டை எடுத்துப் பாருங்கள். நான்கு பெயரும் ஒரே தாளில், 'வாடகைதாரர்' என்ற ஒரே தலைப்பின் கீழ் இருந்து, வாடகை 2,000 என்று ஒரே தொகையாக எழுதப்பட்டிருந்தால் அது ஜாயின்ட் டெனன்சி. 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி லயபிள்' என்ற வரியும் அநேகமாக இருக்கும். அப்படியானால் ஏஜென்ட் கேட்பது சட்டப்படி சரிதான்.

தலைக்கு 500 என்பது உங்கள் நால்வருக்குள் நீங்கள் பேசிக்கொண்டது. வீட்டுக்காரரைப் பொறுத்தவரை நால்வரும் சேர்ந்து ஒரே வாடகைதாரர், 2,000-க்கும் ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. கட்டாதவனிடம் முதலில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. யாரிடம் சம்பளமோ சேமிப்போ இருக்கிறதோ, யார் மெயிலுக்குப் பதில் போடுகிறாரோ, அவரிடம்தான் பொதுவாக வருவார்கள். ஒழுங்காகப் பதில் எழுதுகிறவர் மாட்டிக்கொள்வது இதில் உள்ள கசப்பு.

மெயிலைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? வழக்கு போட்டு உங்கள் பெயரில் கவுன்டி கோர்ட் தீர்ப்பு வந்து, ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் அது ஆறு ஆண்டுகள் பதிவில் நிற்கும். அடுத்த வீடு தேடும்போது கிரெடிட் சோதனையில் முதலில் கண்ணில் படுவது அதுதான். வீட்டைக் காலி செய்யச் சொல்லியும் வழக்கு வரலாம். மூன்று மாத வாடகைக்குச் சமமான பாக்கி இருந்தால் கோர்ட் காலி செய்ய உத்தரவிட்டே ஆக வேண்டும். 2026 மே 1-க்கு முன்பு இது இரண்டு மாதமாக இருந்தது. இந்த மூன்று மாதத்தை மொத்த வாடகையில் கணக்கிட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் வீட்டுக்கு அது 6,000 பவுண்டு. ஒருவன் மட்டும் கட்டாமல் அந்த அளவை எட்ட ஒரு வருடம் ஆகும். ஆனால் அதைவிடக் குறைந்த பாக்கிக்கும் வழக்கு போடலாம். அப்போது உத்தரவு போடுவதா வேண்டாமா என்பது நீதிபதியின் முடிவு. உத்தரவு வந்தால் நால்வரும் வெளியேற வேண்டும்.

அதனால் மற்ற மூவரும் ஆளுக்கு 500 போட்டுப் பாக்கியைத் தீர்த்துவிடுவது நல்லது. பேங்க் பரிமாற்றத்தின் குறிப்பில் எந்த மாதத்து வாடகை, யாருடைய பங்கு என்று எழுதுங்கள். தலைக்கு 500 என்று பேசிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். உங்கள் பங்குக்கு மேல் கட்டியதைக் கட்டாதவனிடம் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தொகையும் கணக்கும் எழுதி, 14 நாள் கெடு கொடுத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் வழியில் நீங்களே வழக்கு போடலாம். 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கைகள் அங்கே போகும், வக்கீல் தேவையில்லை. அவன் இங்கிலாந்தில்தான் இருக்கிறான், முகவரியும் தெரியும் என்றால் இது பலன் தரும். ஊருக்கு விமானம் ஏறிவிட்டான் என்றால், 500 பவுண்டுக்காகக் கடல் தாண்டி வழக்கு நடத்துவது செலவுக்கே கட்டுப்படியாகாது. நேராக அவன் வீட்டுப் பெரியவர்களிடம் பேசிப்பாருங்கள்.

பாக்கி வைத்தவருடைய டெபாசிட்டிலிருந்து மட்டும் கழித்துக்கொள்ளச் சொல்ல முடியாதா?

முடியாது. ஜாயின்ட் டெனன்சியில் டெபாசிட்டும் ஒன்றுதான். மேலே சொன்ன வீட்டையே எடுத்துக்கொள்வோம். சட்டப்படி அதிகபட்சம் ஐந்து வார வாடகைதான் டெபாசிட், அது சுமார் 2,307 பவுண்டு. ஒருவர் பங்கு ஏறக்குறைய 577. பாக்கி 1,500-ஐ யாரும் கட்டாமல் வீட்டைக் காலி செய்தால் வீட்டுக்காரர் அதை மொத்த டெபாசிட்டில் கழித்துக்கொள்வார், மீதி 807. கட்டாதவர் பங்கான 577 முழுக்கப் போனாலும் 923 மிச்சம் நிற்கிறது. அது மற்ற மூவர் பணத்திலிருந்துதான் போகும், ஆளுக்கு 308. கைக்குத் திரும்புவது ஆளுக்கு 269 பவுண்டு.

இன்னொன்றும் கவனியுங்கள். டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்தில் 'லீட் டெனன்ட்' என்று ஒருவர் பெயரைப் பதிந்திருப்பார்கள். பணத்தைத் திருப்பித் தருவது பற்றி அவரிடம்தான் பேசுவார்கள். அந்த லீட் டெனன்ட் பாக்கி வைத்தவராகவே இருந்தால் தலைவலி இரட்டிப்பாகும். காலி செய்வதற்கு முன்பே அதை மாற்றக் கேளுங்கள்.

மான்செஸ்டரில் வேலை கிடைத்து, லண்டன் வீட்டிலிருந்து இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டேன். சாவியை நண்பரிடம் கொடுத்துவிட்டேன். என் அறைக்கு அவர்களே வேறொருவரைச் சேர்த்திருக்கிறார்கள். இனி எனக்குப் பொறுப்பு இல்லைதானே?

இருக்கிறது, முழுதாக இருக்கிறது. அறையைக் காலி செய்தீர்கள், டெனன்சியிலிருந்து வெளியே வரவில்லை. புதிதாக வந்தவர் பெயர் அக்ரிமென்ட்டில் இல்லாததால் வீட்டுக்காரருக்கு அவர் யாரோ ஒருவர். அவர் வாடகை தராவிட்டால் பாக்கி உங்களையும் பிடிக்கும்.

வெளியே வர இரண்டு வழி. ஒன்று, வீட்டுக்காரர் சம்மதத்தோடு புதியவர் பெயரைச் சேர்த்து அக்ரிமென்ட்டை மாற்றி எழுதுவது. இதற்கு ஏஜென்ட் பொதுவாக 50 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது. அதைவிடக் கூடுதலாக உண்மையில் செலவானதைக் காட்டினால்தான் வாங்கலாம். உங்கள் டெபாசிட் பங்கைப் புதியவரிடமிருந்து நீங்கள் நேரடியாக வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். அன்றுவரை பாக்கி எதுவும் இல்லை என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். புதியவருக்கும் அது பாதுகாப்பு.

இரண்டாவது வழி நோட்டீஸ். 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்ற காலக் கட்டு கிடையாது. எழுத்தில் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தால் டெனன்சி முடியும். ஆனால் கூட்டு வாடகைதாரர்களில் ஒருவர் தனியாகக் கொடுத்தாலும் எல்லோருடைய டெனன்சியும் சேர்ந்தே முடிந்துவிடும். அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, 1991-இல் மாங்க் வழக்கில் உறுதிப்படுத்திய விதி இது. நீங்கள் சத்தமில்லாமல் நோட்டீஸ் கொடுத்தால் நண்பர்களுக்கு அங்கே இருக்க உரிமை போய்விடும். ஆகவே முதலில் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஸ்காட்லாந்தில் இதற்கான விதி வேறு.

டெனன்சி முடிந்த பிறகும் பழைய பாக்கி அழியாது. ஆறு ஆண்டுகள் வரை வழக்கு போடலாம்.

என் அக்கா மகளுக்காக கேரண்டர் கையெழுத்துப் போட்டேன். இப்போது அவளோடு இருக்கும் பெண்ணின் பாக்கியையும் என்னிடம் கேட்கிறார்கள்.

நீங்கள் கையெழுத்திட்ட தாளில் இருக்கும் வாசகத்தைப் பொறுத்தது. 'வாடகைதாரர்களின் எல்லாக் கடமைகளுக்கும்' என்ற பொருளில் இருந்தால் மற்றவள் பாக்கிக்கும் நீங்கள் பொறுப்பு. உங்கள் அக்கா மகளின் பங்குக்கு மட்டும் என்று தொகையோடு எழுதியிருந்தால் அதோடு சரி. எழுத்திலேயே இல்லாத, வாய்வார்த்தையாகச் சொன்ன கேரண்டி செல்லாது. இனி கையெழுத்துப் போடுகிறவர்கள், பங்குக்கு மட்டும் என்று மாற்றித் தரும்படி முன்கூட்டியே கேளுங்கள். பல ஏஜென்ட்கள் கேட்டால் ஒத்துக்கொள்கிறார்கள், தாங்களாக முன்வந்து சொல்வதில்லை.

அக்ரிமென்ட் என் நண்பர் பெயரில் மட்டும். நான் மாதாமாதம் அவருக்குப் பணம் அனுப்புகிறேன். அவர் வீட்டுக்காரருக்குக் கட்டவில்லை என்று தெரிந்தது.

அந்தப் பாக்கிக்கு வீட்டுக்காரர் உங்களிடம் வர முடியாது, உங்களுக்கும் அவருக்கும் ஒப்பந்தமே இல்லை. ஆனால் நண்பரை வெளியேற்றினால் நீங்களும் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். அனுப்பிய பணத்துக்கான பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு, வேறு இடம் பார்க்க ஆரம்பியுங்கள்.