பச்சை டிக் வந்துச்சு, காசு வந்துச்சா? யூபிஐ வாங்குற கடைக்காரங்களுக்கான கேள்வி பதில்

எட்டு வருஷமா மதுரை, விருதுநகர் பக்கம் கடைகளுக்கு க்யூஆர் அட்டையும் சவுண்டு பாக்ஸும் வச்சுக் குடுக்கிறது என் தொழில். தினமும் ரெண்டு ஏமாந்த கதையாவது காதுல விழும். கேளுங்க. தெரிஞ்சதைச் சொல்றேன். வரி, கடன் பத்தி மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.

ஃபேன்சி ஸ்டோர் அக்கா: ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஒரு பையன் 1,480 ரூபாய்க்குச் சாமான் எடுத்துட்டு பச்சை டிக் காட்டுனான். எங்க கடைப் பேரே இருந்துச்சு. பாக்ஸ் பேசல. "சர்வர் ஸ்லோக்கா, வந்துரும்"னான். வரவே இல்ல. எப்படிக் கண்டுபிடிச்சிருக்கணும்?

அவன் போனைப் பாத்து யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுக்கா. என்னாலயும் முடியாது. பேரு, தொகை, நேரம் எல்லாத்தையும் நம்மளே அடிச்சா அச்சு அசலா அதே திரையைக் காட்டுற போலி ஆப்பெல்லாம் சுத்துது. டிக் சுழல்றது, "டிங்" சத்தம் எல்லாம் இருக்கும். உங்க கடைப் பேரு வாசல்ல மாட்டியிருக்கிற அட்டையிலயே இருக்கே, அதை அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதனால இன்னைக்குப் பூரா நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போறது ஒண்ணுதான்: அவங்க போனைப் பாக்காதீங்க, உங்க போனைப் பாருங்க.

பாக்ஸ் பேசலையா, உங்க ஆப்பைத் திறந்து வரவுப் பட்டியலுக்குப் போங்க. கீழே இழுத்துப் புதுப்பிங்க. 1,480-ன்னு ஒரு வரி இல்லைன்னா, பேங்க் ஆப்ல இருப்பைப் பாருங்க. எஸ்எம்எஸ்ஸுக்குக் காத்திருக்க வேணாம். சின்னத் தொகைக்குச் சில பேங்க் எஸ்எம்எஸ் அனுப்புறதையே நிறுத்திட்டாங்க. ரெண்டுலயும் இல்லைன்னா காசு வரல, அவ்வளவுதான்.

"என் கணக்குல கழிஞ்சிருச்சே"ன்னு சண்டை போடுவாங்க. சில நேரம் அது நெசமாவே இருக்கும், நம்ம எல்லாரையும் திருடனாப் பாக்கக் கூடாது. அவங்க கணக்குல கழிஞ்சு நமக்கு வராமப் போனா, அந்தப் பணம் தானா அவங்களுக்கே திரும்பிப் போகணும்னு 2019-லயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கு. தனிநபர் கணக்குக்கு அனுப்புனதுன்னா மறுநாளுக்குள்ள, கடை க்யூஆர்ன்னா அஞ்சு நாளுக்குள்ள. அதுக்கு மேல போனா நாளுக்கு 100 ரூபாய் அவங்களுக்கு ஈட்டுத்தொகை. இதை அப்படியே அவங்ககிட்ட சொல்லுங்க: "உங்க காசு எங்கயும் போகாதுண்ணே, திரும்பி வந்துரும். இப்போதைக்கு ரொக்கமாக் குடுங்க, இல்லைன்னா சாமான் இங்க இருக்கட்டும்." நெசமா அனுப்புனவரு முணுமுணுப்பாரு, ஆனா நிப்பாரு. அந்தப் பையன் மாதிரி ஆளு "ஏடிஎம் போயிட்டு வரேன்"னு கிளம்பிருவான்.

மொபைல் சர்வீஸ் தம்பி: நான் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பறதே இல்லண்ணே. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வர்ற 12 இலக்க யூடிஆர் நம்பரைக் கேட்டு எழுதி வச்சுக்குவேன். அது போதும்ல?

பாதி சரி. அந்த நம்பர் உங்க வரவுப் பட்டியல்ல இருக்கிற நம்பரோட ஒத்துப்போகணும். இல்லைன்னா அது வெறும் 12 எண்ணு, யாரு வேணாலும் எழுதலாம்.

தொழில் ரகசியம் ஒண்ணு சொல்றேன். பெரும்பாலும் அந்த நம்பரோட முதல் இலக்கம் வருஷத்தோட கடைசி இலக்கமா இருக்கும், அடுத்த மூணு இலக்கம், அந்த வருஷத்துல அது எத்தனையாவது நாள்னு காட்டும். 2025 மார்ச் 10-ன்னா 69-ஆவது நாள், அதனால 5069-ன்னு தொடங்கும். சோம்பேறிப் போலி ஆப்புகள் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு மாட்டிக்கும். ஆனா பொருந்தலைன்னா சந்தேகப்படத்தான் இது உதவும். பொருந்துதேன்னு சாமானைக் குடுத்துறாதீங்க.

இட்லிக்கடை: பாக்ஸ் இருக்கு, அப்ப நமக்குக் கவலை இல்லேல்ல?

பாக்ஸ் சத்தம் கேட்டா போதாதுண்ணே, தொகை காதுல விழணும். 120 ரூபாய் பில்லுக்கு 12 ரூபாய் போட்டுட்டுப் போற ஆளு உண்டு. தோசைக்கல்லு சத்தத்துல "பெறப்பட்டது" மட்டும்தான் கேக்கும். பாக்ஸைக் கல்லாப்பெட்டி பக்கம் வைங்க. சத்தம் பாக்ஸ்ல இருந்துதான் வருதா, எதிர்ல நிக்கிறவர் போன்ல இருந்து வருதான்னும் கவனிங்க.

இன்ஸ்டால புடவை விக்கிற பொண்ணு: மிலிட்டரில இருக்கேன்னு ஒருத்தர் மூணு புடவை கேட்டார். அட்வான்ஸ் அனுப்ப அவரே ஒரு க்யூஆர் அனுப்பி, ஸ்கேன் பண்ணி பின் போடச் சொல்றார். செய்யலாமா?

வேண்டாம்மா. பணம் வாங்க பின் தேவையே இல்ல, ஸ்கேனும் தேவையில்ல. பின் போட்டா காசு உங்ககிட்ட இருந்து போகும். முன்னாடி இந்த ஆளுங்க "கலெக்ட்" கோரிக்கை அனுப்புவாங்க. தனிநபருக்குத் தனிநபர் அப்படிக் கேக்குறதை 2025 அக்டோபர் 1-லருந்து நிறுத்திட்டாங்க. அதனால இப்ப க்யூஆரைப் பிடிச்சுத் தொங்குறாங்க. ப்ளாக் பண்ணுங்க.

மளிகைக்கடை: நேத்து ஒருத்தர் 500-க்குப் பதிலா 5,000 போட்டுட்டேன்னு அழாத குறையாக் கேட்டார். நெசமாவே 5,000 கணக்குல ஏறியிருந்துச்சு, பாத்தேன். "என் அண்ணன் நம்பருக்கு 4,500 போட்டுவிடுங்க"ன்னார். போட்டுட்டேன். இதுல ஏதும் வில்லங்கம் இருக்கா?

இருக்கு. வந்தது போலி இல்ல, நெசப் பணம். அதனாலதான் ஜாஸ்தி பயம்.

அந்த 5,000 வேற யாராவது ஏமாந்த ஆளோட பணமா இருக்கலாம். அவர் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் அடிச்சுப் புகார் குடுத்ததும், பணம் எந்தெந்தக் கணக்கு வழியாப் போச்சோ அங்கெல்லாம் பேங்க் தடை போடும். அந்தச் சங்கிலியில உங்க கணக்கு ஒரு கண்ணி. நீங்க வேற நம்பருக்கு 4,500 போட்டதால, காகிதத்துல பாத்தா திருட்டுப் பணத்தைக் கைமாத்தி விட்ட ஆளு நீங்கதான். "அண்ணன் நம்பர்"ன்னு சொன்னப்பவே உங்களுக்குக் காது குத்திட்டாங்க.

இன்னைக்கே பேங்க் கிளைக்குப் போய் நடந்ததை எழுதிக் குடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வைங்க. கடை கேமரா பதிவு இருந்தா அழியாம எடுத்து வைங்க.

பாலா (ஹார்டுவேர்ஸ்): குறுக்க வரேண்ணே. எந்த ஐடில இருந்து வந்துச்சோ அதே ஐடிக்குத் திருப்பிப் போட்டா ஒரு பிரச்சனையும் வராது. நான் நாலஞ்சு தடவை பண்ணிருக்கேன்.

வேற நம்பருக்குப் போடுறதை விட ஆயிரம் மடங்கு தேவலை, அதை ஒத்துக்கிறேன். ஆனா "ஒரு பிரச்சனையும் வராது"ங்கிறதை ஒத்துக்க மாட்டேன். அந்தக் கணக்கே திருடன் கையில இருந்தா, நீங்க திருப்பிப் போட்டதும் அவனுக்குத்தான் போகும். கிளைக்கு எழுதிக் குடுத்து, பேங்க் வழியாத் திருப்புறதுதான் முறை. ரெண்டு நாள் ஆகும்.

பாலா: ரெண்டு நாளா? தெனம் வர்ற வாடிக்கையாளர் நெசமாவே தப்பா போட்டிருந்தா, பேங்குக்குப் போய் எழுதிக் குடுன்னு அவர்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுச் சொல்றது?

தெரிஞ்ச முகம்னா பட்டியல்ல வரவைப் பாத்துட்டு, அதே ஐடிக்கே போட்டுவிடுங்க. நான் சொல்றது முன்பின் தெரியாத, அவசரப்படுத்துற ஆளைப் பத்தி.

கறிக்கடை: அட, எதுக்குத் திருப்பணும்? தப்பாப் போட்டது அவன் தப்பு.

அது உங்க காசு இல்லண்ணே. வச்சுக்கிட்டா கேஸ் வேற மாதிரி ஆகும். இந்த யோசனையை இங்க சொல்லாதீங்க.

செல்வி (சுங்குடி வியாபாரம்): எங்களுக்கு நடந்ததே வேற. யாருக்கும் திருப்பல, ஒழுங்கா சரக்கு வித்தோம். 3,200 ரூபாய் வந்துச்சு. மூணு வாரம் கழிச்சு மொத்தக் கணக்கும் முடங்கிருச்சு. வட மாநில சைபர் போலீஸ் கேஸாம். சரக்கு வித்ததுக்கு நாங்க என்ன பண்ணுவோம்?

அக்கா, இதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல. வாங்குன ஆளு திருட்டுப் பணத்துல வாங்கியிருந்தா, விக்கிறவங்களுக்கு அது தெரிய வழியே இல்ல. முதல்ல பேங்க்ல எழுத்துப்பூர்வமா மூணு விஷயம் கேளுங்க: புகார் எண், எந்த ஸ்டேஷன், எவ்வளவு தொகைக்குத் தடை. அப்புறம் பில், கூரியர் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாத்தையும் அந்த விசாரணை அதிகாரிக்கு அனுப்பி, பேங்குக்கும் நகல் குடுங்க. சந்தேகத் தொகைக்காக முழுக் கணக்கையும் காலவரையில்லாம முடக்கி வைக்கக் கூடாது, அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வச்சுட்டு மத்ததை நடத்த விடணும்னு சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல ஒரு வழக்குல சொல்லியிருக்கு. அதைக் குறிப்பிட்டு மனு குடுங்க. அசையலைன்னா வக்கீலைப் பாருங்க.

பாலா: பாத்தீங்களா, திருப்பாதவங்களுக்கும் முடங்குது. அப்ப உங்க விதிக்கு என்ன அர்த்தம்?

விதி காப்பாத்தாது தம்பி, சாட்சி வச்சுக்கத்தான் உதவும். செல்வி அக்காகிட்ட பில் இருக்கு, கூரியர் ரசீது இருக்கு. அண்ணன் நம்பருக்குப் போட்ட மளிகைக்கடைக்காரர்கிட்ட என்ன இருக்கு? அதுக்கும் இதுக்கும் அதுதான் வித்தியாசம்.

புடவை பொண்ணு: புடவை திரும்பி வந்தா ரீஃபண்ட் எப்படிக் குடுக்கிறது?

கடைக்கான ஆப்புன்னா, அந்த வரவைத் தொட்டா சிலதுல ரீஃபண்ட்னே பட்டன் இருக்கும், அதுல குடுங்க. வந்த கணக்குக்கே போகும். பட்டன் இல்லைன்னா, வரவுல தெரியுற ஐடிக்கு மட்டும். புடவை கையில வந்து, பிரிச்சுப் பாத்த பிறகு. "ரெண்டு தடவை போயிருச்சு, ஒண்ணைத் திருப்புங்க"ன்னு ரெண்டு டிக் படம் அனுப்புனா, உங்க பட்டியல்ல எத்தனை வரின்னு எண்ணுங்க. பெரும்பாலும் ஒண்ணுதான் இருக்கும்.

பேக்கரி: ஸ்க்ரீன்ஷாட்ல பச்சைக் கலர் வித்தியாசமா இருந்தா போலின்னு சொல்றாங்களே?

முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான் இதுக்கும்.

பூக்கடை: பேங்க்ல இருந்து எஸ்எம்எஸ் வந்துச்சு, ஆனா பணம் இல்ல...

பத்து இலக்க செல் நம்பர்ல இருந்து வந்திருக்கும், பாருங்க. பேங்க் செய்தி எழுத்துப் பேருல வரும், கடைசில -S அல்லது -T இருக்கும். ஆனாலும் உங்க பட்டியலைப் பாருங்கம்மா, எஸ்எம்எஸ்ஸை இல்ல.

ஜூஸ் கடை: வாடிக்கையாளர் போன்ல சக்சஸ்னு இருந்தா...

அவங்க போனைப் பாக்காதீங்க. இன்னைக்கு இதோட இது எத்தனாவது தடவைன்னு எண்ணுறதை விட்டுட்டேன்.

டீக்கடை: யூபிஐ ஜாஸ்தியா வாங்குனா ஜிஎஸ்டி நோட்டீஸ் வருமா?

ஆடிட்டரைக் கேளுங்க.

டீக்கடை: சரி, இதையாவது சொல்லுங்க. காலையில ரெண்டு மணி நேரமா பாக்ஸ் பேசவே இல்ல, ஆனா வாடிக்கையாளர்லாம் போட்டேன்றாங்க.

இது நல்ல கேள்வி. முதல்ல அட்டையைத் தடவிப் பாருங்க, உங்க ஸ்டிக்கர் மேல இன்னொண்ணு ஒட்டியிருக்கா? ராத்திரி மூடுன கடைகள்ல ஒட்டிட்டுப் போறாங்க. தெனம் கடை திறந்ததும் வேற போன்ல ஒரு ரூபாய் போட்டு, திரையில உங்க பேரு வருதான்னு பாருங்க. வேற பேரு வந்தா கிழிச்சுப் போட்டுறாதீங்க, போட்டோ எடுத்து வச்சுட்டு 1930-க்கு அடிங்க, இல்லைன்னா cybercrime.gov.in-ல பதியுங்க. சீக்கிரம் சொன்னா அந்தக் கணக்குல மிச்சம் இருக்கிறதைத் தடுக்க வழி உண்டு.

டீக்கடை: தடவிப் பாத்தேன். ரெண்டு ஸ்டிக்கர் இருக்குண்ணே.

பேச்சை விடுங்க, போனை எடுங்க.