பரணில் ஏறிய முருகன்

"ஐயா, தாயுமானவரைப் படித்த பிறகு உருவமற்ற இறைவனையே தியானிக்கிறேன். சிலை, படம், பூ எல்லாம் வீண் என்று தெளிந்துவிட்டேன். பூஜை இடத்திலிருந்த அம்மாவின் முருகன் படத்தைப் பரணில் ஏற்றிவிட்டு, தியானத்துக்காக ஒரு ஜோதிப் படம் மட்டும் மாட்டியிருக்கிறேன். அம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உருவ வழிபாடு தவறு என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?"
— வாசகர், மண்டபம்

தம்பி, முருகனை இறக்கிய ஆணியிலேயே ஜோதியை மாட்டியிருக்கிறீர்கள். அதுவும் கண்ணாடி போட்ட காகிதம்தான். நீங்கள் உருவத்தை விடவில்லை, அம்மாவின் உருவத்தை எடுத்துவிட்டு உங்களுடையதை வைத்திருக்கிறீர்கள். அம்மாவுக்குப் புரியவைக்க இதில் என்ன இருக்கிறது?

உருவமே வேண்டாம் என்று வாழ்கிறவர்களைப் பார்க்க நீங்கள் தூரம் போகவேண்டாம், கீழக்கரை வரை போனால் போதும். அங்கே பள்ளிவாசலில் ஜோதிப் படம்கூடக் கிடையாது. அதற்குப் பதிலாக ஐந்து வேளை, தொழுமுன் முகம் கை கால் கழுவும் ஒளூ, மக்காவை நோக்கும் கிப்லா திசை, வரிசை, குனிவது, நெற்றி தரையில் படுவது என்று உடம்பு முழுவதையும் கட்டும் ஒழுங்கு இருக்கிறது. மனம் பிடித்துக்கொள்ள உருவம் இல்லாத இடத்தில் அந்த ஒழுங்குதான் பிடி. அருவத்தில் மனம் வைப்பவர்களுக்குச் சிரமம் அதிகம் என்று கீதை பன்னிரண்டாம் அத்தியாயம் சொல்வதும் இந்தப் பிடியில்லாத நிலையைத்தான். கண்ணை மூடியதும் உங்களுக்கு அந்தப் படத்துச் சுடர் தெரிகிறதா? அப்படியானால் செய்வது உருவத் தியானம். அது குற்றமில்லை. அதற்கு அருவம் என்று பெயர் வைத்து, அதைக்கொண்டு தாயை மட்டம் தட்டுவதுதான் குற்றம்.

இனி தாயுமானவர். நம் ராமநாதபுரத்திலேயே சமாதி கொண்டவரை அரைகுறையாகப் படிக்கலாமா? நீங்கள் பிடித்துக்கொண்ட பாட்டு 'பண்ணேன் உனக்கான பூசை' என்று தொடங்குவதாகத்தான் இருக்கும். அதில் அவர் பூப் பறிக்க மறுப்பதற்குக் காரணம் சொல்கிறார்: 'பார்க்கின்ற மலரூடு நீயே இருத்தி.' கைகுவிக்கவும் நாணுகிறார். உள்ளே நீ நிற்கும்போது நான் கும்பிட்டால் அது அரைக்கும்பிடு ஆகிவிடுமே என்கிறார். பூவில் இறைவன் இல்லை என்பதல்ல அவர் வாதம். ஏற்கெனவே இருக்கிறான், எதைப் பறித்து எங்கே சாத்த என்பது. பூவையே பறிக்கக் கூசியவர் முருகனைப் பரணில் ஏற்றியிருப்பாரா? அவரேதான் பராபரக்கண்ணியில், மூர்த்தி தலம் தீர்த்தம் முறையாய்த் தொடங்கியவர்களுக்கே ஒரு வார்த்தை சொல்லச் சற்குரு வாய்க்கும் என்றும் பாடினார்.

அம்மா கல்லையும் காகிதத்தையும் கும்பிடுகிறார் என்று நினைக்கிறீர்கள். அடுத்த விசேஷத்தில் மஞ்சள் பிள்ளையார் பிடிப்பதைக் கவனியுங்கள். மஞ்சள்தூளில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கூம்பாய்ப் பிடித்து, வெற்றிலையில் வைத்து, அருகம்புல் செருகுவார்கள். ஆவாகனம் செய்யும்வரை அது மஞ்சள். செய்தபின் பிள்ளையார், தூபம், தீபம், நைவேத்தியம் எல்லாம் உண்டு. முடிந்ததும் யதாஸ்தானம் சொல்லி வடக்கே சற்று நகர்த்துவார்கள். பிறகு தண்ணீரில் கரைத்துவிடலாம். வரவழைக்கவும் வழியனுப்பவும் மந்திரம் வைத்திருப்பவர்களுக்குப் பொருள் வேறு, தெய்வம் வேறு என்று தெரியாதா?

அத்வைதம் பேசிய சங்கரரே பிரம்மசூத்திர உரையில் இதற்கு விதி சொல்கிறார். தாழ்ந்த பொருளை பிரம்மமாகப் பார்க்கலாம், பிரம்மத்தை அந்தப் பொருளாகச் சுருக்கக் கூடாது. சாளக்கிராமக் கல்லில் விஷ்ணுவைக் காண்பதை அவரே உதாரணமாகக் காட்டுகிறார். இந்தத் திசை தலைகீழானால், இந்தக் கல்லுக்குள்தான் கடவுள், வெளியே இல்லை என்று ஆனால், அப்போது சிவவாக்கியர் 'நட்ட கல்லும் பேசுமோ' என்று அதட்டுவது நியாயம்.

வைணவத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிள்ளை லோகாசாரியர் இன்னும் ஒருபடி மேலே போகிறார். ஸ்ரீவசனபூஷணத்தில் அவர், உள்ளுறையும் அந்தர்யாமியை நிலத்தடி நீர் என்கிறார், அவதாரங்களைப் பெருக்காறு என்கிறார், கோயில் திருமேனியை அந்த ஆற்றில் தேங்கிய மடு என்கிறார். தோண்டத் தெரிந்தவனுக்குத்தான் நிலத்தடி நீர். வெள்ளம் வந்த நாளில் இருந்தவனுக்குத்தான் ஆறு. மடு, தாகத்தோடு வருகிற யாருக்கும். நல்ல தண்ணீருக்குக் குடம் வரிசை வைக்கும் நம் கரையில் இதை விளக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தோண்டத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக அம்மா குடிக்கும் மடுவைத் தூர்க்க யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

பெற்றவள் கும்பிடும் இடம் அவளுக்குச் சொந்தம். வீட்டு வரி நீங்கள் கட்டினாலும் அப்படித்தான். இன்றே பரணில் ஏறுங்கள். உப்புக் காற்றில் பின்பலகை நமுத்திருக்கும், பிரித்து நிழலில் உலர்த்துங்கள். கண்ணாடியைக் காய்ந்த துணியால் துடையுங்கள், ஈரத்துணி வேண்டாம், காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆணி துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள். மாட்டுவதை நீங்கள் செய்யாமல் அம்மா கையில் கொடுங்கள். ஜோதிப் படம் உங்கள் அறைக்குப் போகட்டும்.