ஒரு பாரத்துக்கு 22 ரிங்கிட்: கணக்கு எங்கே உதைக்கும்?

*பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், வயது 46. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் சர்வே வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தியர் வீடுகள் மட்டும், 60 பாரம், பாரத்துக்கு 22 ரிங்கிட். அதே சமயத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பரீட்சை மேற்பார்வைக்கு நான்கு காலை, காலைக்கு 70 ரிங்கிட் என்கிறார்கள். எதை எடுக்கலாம், ஐயா?*

இரண்டையும் எடுக்கலாம் அம்மா. பரீட்சை காலையில் நடக்கும். சர்வேக்கு ஆள் கிடைப்பது மாலை ஐந்துக்கு மேலும் சனி, ஞாயிறிலும்தான். பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் பாட்டியும் பூனையும்தான் இருப்பார்கள்.

மேற்பார்வை வேலையில் பெரிய மர்மம் இல்லை. தாள் மூன்று மணி நேரம் என்றால், முன்னால் வந்து மேசை எண் ஒட்டுவது, பின்னால் விடைத்தாளை எண்ணிக் கட்டுவது எல்லாம் சேர்த்து நாலரை மணி நேரம் பிடிக்கும். மணிக்குப் பதினைந்து ரிங்கிட்டுக்கு மேல் நிற்கிறது. தேதியை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ஒரு காலை ரத்தானால் பாதியாவது தருவார்களா என்றும் கேட்டு வையுங்கள்.

சர்வேயில்தான் கணக்குப் போட வேண்டும். 60 பாரம், 22 ரிங்கிட், மொத்தம் 1,320. இந்தத் தொகையைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நான் பல வருடம் களத்தில் சூப்பர்வைசராக இருந்தவன். நான் போடும் கணக்கு இது.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் சுற்றி நான்கு பாரம் முடித்தால் 15 நாளில் வேலை முடிகிறது. அதாவது 90 மணி நேரம். பயிற்சி நாளையும் இரவில் பாரத்தைச் சரிபார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் நூறைத் தாண்டும். ஆறு பாரம் தள்ளுபடியானால் 132 ரிங்கிட் போச்சு, மிச்சம் 1,188. பெட்ரோலும் தேநீரும் நாளைக்கு 12 ரிங்கிட் என்றால் 180. கையில் நிற்பது 1,008, மணிக்குப் பத்து ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8.72. அதற்கு மேலே இருக்கிறது, சரி.

ஆனால் நாளைக்கு நான்கு கிடைக்காமல் மூன்றுதான் கிடைத்தால்? 20 நாள், பயிற்சியும் சரிபார்ப்பும் சேர்த்து 136 மணி நேரம், செலவு 240. மிச்சம் 948. மணிக்கு ஏழு ரிங்கிட்கூட இல்லை. ஒரே ஒரு பாரம் குறைந்ததற்கு இந்த வித்தியாசம்.

அந்த ஒரு பாரம் குறைவதற்கு உங்கள் 'இந்தியர் வீடுகள் மட்டும்' போதும். பாகான் டாலாம் பக்கம் கொடுத்தால் ஒரே லோரோங்கில் இரண்டு மூன்று வீடு கிடைக்கும். புதுத் தாமான் ஒன்றைக் கொடுத்தால் ஒரு வீட்டைத் தேடி இருபது கதவு தட்ட வேண்டி வரும். வாசலில் ஜாகா நிற்கும் குடியிருப்பு என்றால் உள்ளே விடவே மாட்டார்கள். ஆகவே ஒப்புக்கொள்ளும் முன் எந்தெந்தத் தாமான் என்று பட்டியல் கேளுங்கள். வயது, ஆண் பெண் என்று இன்னும் என்ன கோட்டா வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். கடைசிப் பத்துப் பாரம் எப்போதும் '25 வயதுக்குக் கீழ் ஆண்' என்ற மாதிரி கிடைக்காத ஆளாகவே வந்து நிற்கும். அவை ஒவ்வொன்றுக்கும் முதல் ஐம்பதில் ஒரு பாரத்துக்கு ஆனதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஓடும்.

அடுத்தது தள்ளுபடி. ஆறு என்று நான் சும்மா போட்டேன், ஒழுங்காக வேலை செய்தாலும் அதைவிடக் கூடலாம். டேப்லெட் நீங்கள் ஆரம்பித்த நேரமும் முடித்த நேரமும் பதியும், பலவற்றில் இடமும் பதியும். 35 நிமிடக் கேள்வித்தாளைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்திருந்தால் அது போலியென்று எடுத்துக்கொள்வார்கள். வரிசையாக எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் இருந்தாலும் அதே கதிதான். அப்புறம், அலுவலகத்திலிருந்து சில வீடுகளுக்கு ஃபோன் போட்டு 'ஒரு அம்மா வந்து கேட்டார்களா, எவ்வளவு நேரம் கேட்டார்கள்' என்று சரிபார்ப்பார்கள். இங்கேதான் நேர்மையாக உழைத்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தெரியாத எண்ணிலிருந்து வந்தால் மோசடி என்று இப்போது யார் எடுக்கிறார்கள்? எடுக்கவில்லையென்றால் பாரம் தள்ளுபடி.

ஒரு முறை எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஒன்பது பாரம் போயிற்று. எந்த ஒன்பது என்று கேட்டதற்கு அந்த நிறுவனம் பதிலே சொல்லவில்லை. அவரிடம் குறிப்பு எதுவும் இல்லை, கேட்க வழியும் இல்லை. நானும் அன்று சூப்பர்வைசராக இருந்துகொண்டு வாய் திறக்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் பேட்டி முடிந்து எழும்போது அந்த வீட்டாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: 'இரண்டு மூன்று நாளில் அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள். நான் வந்தேனா என்றுதான் கேட்பார்கள். ஐசி எண்ணோ பேங்க் விவரமோ கேட்டால் உடனே வைத்துவிடுங்கள்.' ஒரு பள்ளி நோட்டில் பாரத்தின் எண், தேதி, லோரோங், ஆரம்பித்தது, முடித்தது, அனுப்பிய நேரம் என்று வரிசையாக எழுதுங்கள். வீட்டுக்காரர் பெயரும் ஃபோன் எண்ணும் அந்த நோட்டில் வேண்டாம், அது அவர்களுடைய சொந்தத் தகவல்.

ஒப்புக்கொள்ளும் முன் மூன்று விஷயத்தை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிடுங்கள். ஃபோன் எடுக்காத பாரத்துக்கு எத்தனை முறை முயல்வார்கள், அப்புறமும் எடுக்காவிட்டால் காசு உண்டா? தள்ளுபடியானதின் எண்ணையும் காரணத்தையும் எத்தனை நாளில் சொல்வார்கள், திரும்பப் போய்ச் சரிசெய்ய விடுவார்களா? பணம் தருவது நிறுவனமா, உங்களைக் கூப்பிட்ட சூப்பர்வைசரா, களவேலை முடிந்து எத்தனை நாளில்? மூன்றாவதை லேசாக எடுக்காதீர்கள். நிறுவனம் சூப்பர்வைசருக்குக் கொடுத்து அவர் உங்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு என்றால், இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். டேப்லெட்டுக்கு முன்பணம் கட்டச் சொன்னால் பேச்சே வேண்டாம், விலகிவிடுங்கள்.

8.72 என்று சட்டம் சொல்கிறதே, அதைக் காட்டிக் கேட்கலாமா என்று தோன்றும். பாரத்துக்கு இவ்வளவு என்று வாங்கினாலும் ஊழியர் என்றால் குறைந்தபட்சச் சம்பளம் பொருந்தும். சிக்கல் என்னவென்றால், உங்கள் தாளில் 'சுயேச்சை ஒப்பந்தக்காரர்' என்று எழுதியிருப்பார்கள், இபிஎஃப், சொக்சோ இரண்டும் இருக்காது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாமல், எந்த வீடு, எந்த நேரம் என்று அவர்களே கட்டளையிட்டு டேப்லெட்டும் அவர்களுடையதாக இருந்தால், 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில் பிரிவு 101சி உங்களை ஊழியர் என்று அனுமானிக்க இடம் தருகிறது. அப்போது தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். ஒப்பந்தக்காரராகவே இருந்து காசு வராமல் போனால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு இருக்கிறது. 5,000 ரிங்கிட் வரை, வக்கீல் இல்லாமல் நீங்களே 198ஆம் எண் படிவத்தை நிரப்பித் தாக்கல் செய்யலாம். அங்கே முதலில் எடுத்து வைக்க வேண்டியது அந்தப் பள்ளி நோட்டும் வாட்ஸ்அப் செய்தியும்தான்.

தாமான் பட்டியல் வந்ததும் ஒரு மாலை மோட்டாரில் போய்ச் சுற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் வாசலில் கோலமோ மாவிலைத் தோரணமோ உள்ள வீடு பத்துக்குக் கீழே தெரிந்தால், 22-க்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். 30 கேளுங்கள்.