நாமினி அண்ணன் பெயரில் இருந்தால்?

“கணவர் தனியார் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். பி.எஃப். நாமினியாகத் திருமணத்துக்கு முன்பே அண்ணன் பெயரைக் கொடுத்திருக்கிறார். மூன்று வருடம் நான்கு மாத வேலை. அடிப்படைச் சம்பளம் 30,000. எனக்கும் நான்கு வயது மகளுக்கும் ஒன்றும் இல்லையா?”

சகோதரி, அந்த நியமனம் உங்கள் திருமணத்தன்றே செல்லாததாகிவிட்டது. 1952 பி.எஃப். திட்டத்தின் 61ஆம் பத்தி அப்படித்தான் சொல்கிறது. அதன்படி அண்ணன் ‘குடும்பம்’ அல்ல. செல்லுபடியாகும் நியமனம் இல்லாதபோது தொகை குடும்பத்தினருக்குச் சமமாகப் பிரியும். உங்கள் மாமியார் மகனை நம்பியே வாழ்ந்தவர் என்றால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறைக்காதீர்கள், பின்னால் வழக்காகும்.

படிவம் 20 பி.எஃப். தொகைக்கு, 5ஐஎஃப் காப்பீட்டுக்கு, 10டி ஓய்வூதியத்துக்கு. திருமணச் சான்றையும் வாரிசுச் சான்றையும் சேர்த்துக் கொடுங்கள். விதவை ஓய்வூதியத்துக்கு, அவர் பெயரில் ஓய்வூதியத் திட்டத்துக்கு ஒரு மாதச் சந்தா கட்டப்பட்டிருந்தாலே போதும். மகளுக்கும் தனியாக உண்டு.

பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு ஆகவில்லை என்று நிறுவனம் கைவிரிக்கலாம். இறப்புக்கு அந்த நிபந்தனை கிடையாது. 30,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆலும் மூன்று ஆண்டாலும் பெருக்கினால் சுமார் 51,923 ரூபாய். மிச்ச நான்கு மாதம் கணக்கில் வராது. ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் முழு ஆண்டாகியிருக்கும். இதை எழுத்தில் கேளுங்கள்.