மாத பாஸா, நாள் கட்டணமா? பீக் நேரத்தைக் கணக்கில் எடுங்கள்

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். சென்னை கம்பெனிக்கு ஆன்லைனில் வேலை. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் வாரம் மூன்று நாள், காலை 8 முதல் மதியம் 2 வரை, பக்கத்தில் உள்ள கோவொர்க்கிங் அறைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். மணிக்கு 35 ராண்ட், நாளுக்கு 160, மாத பாஸ் 1,900. பாஸில் பீக் நேரம் (காலை 9 முதல் 1 வரை) மாதத்துக்கு 30 மணி மட்டும், அதற்கு மேல் மணிக்கு 30 ராண்ட். ஆறு மாதத்துக்குச் சேர்ந்தால் மாதம் 1,700 என்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் நேரத்துக்கு நாள் கட்டணமே போதும். பாஸ் வேண்டாம்.

வாரம் மூன்று நாள் என்றால் மாதத்துக்குச் சராசரியாக 13 நாள் வரும். மணிக் கணக்கில் கொடுத்தால் ஆறு மணிக்கு 210 ராண்ட் ஆகிவிடும், அதனால் அதை விட்டுவிடலாம். ஐந்தாவது மணி தொடங்கிவிட்டாலே நாள் கட்டணம்தான் மலிவு. 13 நாளுக்கு 160 வீதம் 2,080 ராண்ட். இதைப் பார்த்ததும் 1,900 ராண்ட் பாஸ் லாபம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் நீங்கள் உட்காரும் ஆறு மணியில் நான்கு மணி பீக் நேரத்தில் விழுகிறது. 13 நாளில் 52 மணி. பாஸ் கொடுப்பது 30 மணி, மீதி 22 மணிக்கு 660 ராண்ட் தனியாகக் கட்ட வேண்டும். மொத்தம் 2,560. நாள் கட்டணத்தைவிட 480 ராண்ட் அதிகம். ஆறு மாதச் சலுகையில் சேர்ந்தாலும் 2,360 வரும், அதுவும் நஷ்டம்தான்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். பாஸின் விலை கைக்கு வர 12 நாள் போக வேண்டும். ஆனால் நாளுக்கு நான்கு பீக் மணி போனால் எட்டாவது நாளிலேயே 30 மணி தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் 120 ராண்ட் கூடுதல். அதாவது நாள் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மிச்சம் வெறும் 40. இந்த வேகத்தில் 25 நாள் போனால்தான் இரண்டும் சமமாகும் (இரண்டுமே 4,000 ராண்ட்). திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் வேலை பார்ப்பவருக்கு மாதத்தில் அவ்வளவு நாளே கிடையாது. காலை முழுக்க உட்காருகிறவருக்கு இந்தப் பாஸ் ஒத்தே வராது.

மதியம் வருபவர்களுக்கு விஷயம் வேறு. 11 மணிக்கு வந்து 5 மணிக்குக் கிளம்பினால் நாளுக்கு இரண்டு பீக் மணிதான், மாதத்துக்கு 26. அப்போது பாஸ் 180 ராண்ட் மிச்சப்படுத்தும். ஆனால் டர்பனில் 11 மணி என்றால் சென்னையில் மதியம் 2:30. உங்கள் குழு அதற்குள் பாதி வேலையை முடித்திருக்கும். 180 ராண்டுக்காக அந்தச் சிரமம் வேண்டாம் என்பது என் கருத்து.

மனம் மாறிப் பாஸ் எடுக்கிறீர்கள் என்றால், பீக் மணியை எப்படி எண்ணுகிறார்கள் என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கதவில் கார்டு தட்டும் நேரமா, புக் செய்த நேரமா? 12:40-க்கு வந்தால் இருபது நிமிடமா, முழு ஒரு மணியா? சாப்பிட வெளியே போனால் கணக்கு நிற்குமா, ஓடுமா? முழு மணியாக ஏற்றிவிடும் இடத்தில் 30 மணி நீங்கள் நினைப்பதற்கு முன்பே தீர்ந்துவிடும். முதல் வாரத்து மணிக் கணக்கை அவர்களிடம் கேட்டு உங்கள் குறிப்போடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

அப்புறம், பீக் நேரத்தில் சீட் இல்லை என்று திருப்பி அனுப்பினால்? இங்குள்ள 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு இதைப் பற்றியது. குறிப்பிட்ட நாளுக்கும் நேரத்துக்கும் இடம் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டு, இடம் போதாமல் தர முடியாமல் போனால், அதற்குக் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அதனால் நேரடியாக உங்களுக்கு ஆன செலவையும் பொதுவாகக் கேட்கலாம். ஆனால் அவர்கள் ஒப்புக்கொண்டதற்கு உங்கள் கையில் சாட்சி வேண்டும். சும்மா பாஸ் வைத்திருப்பது அதற்குப் போதாது. பீக் நேரத்துக்கு எப்போதும் முன்கூட்டியே புக் செய்து, உறுதி செய்து வரும் செய்தியை அழிக்காமல் வையுங்கள். நாள் கட்டணத்துக்கும் இதேதான்.

ஆறு மாத ஒப்பந்தத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி, உங்கள் சொந்தப் பெயரில் போட்ட ஒப்பந்தமாக இருந்தால், 20 வேலை நாள் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டு நடுவிலேயே விலகலாம். நியாயமான அளவுக்கு ரத்துக் கட்டணம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மீதி மாதங்கள் முழுவதற்கும் பணம் கேட்டால் அது நியாயமான அளவல்ல என்று தேசிய நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.