வட்டி ஏறினால் பாண்டுக்கு லாபமா நஷ்டமா: நேர்முகத் தேர்வில் பதில் சொல்வது எப்படி?

எம்பிஏ நிதிப் பிரிவு இறுதியாண்டில் படிக்கிறீர்கள், வங்கிக் கருவூலத்திலோ கடன் ஃபண்டிலோ வேலை தேடுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ‘வட்டி விகிதம் ஏறினால் பாண்டு வைத்திருப்பவருக்கு என்ன ஆகும்?’ என்ற கேள்விக்கு ‘விலை இறங்கும், நஷ்டம்’ என்று பதில் சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச முடியாமல் போனது என்றும் சொல்கிறீர்கள். அந்தப் பதில் பாதிதான் சரி. எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறார் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். பதில் அதைப் பொறுத்தே மாறும்.

ஒரே கணக்கை முழுதாகப் போட்டுப் பாருங்கள். 10 வருட அரசுப் பத்திரம், 7% கூப்பன், விலை ரூ.100. நம் நாட்டு அரசுப் பத்திரங்கள் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தரும். ஆக, ஒவ்வொரு தவணைக்கும் ரூ.3.50. வாங்கிய உடனே சந்தை யீல்டு 8% ஆகி, அங்கேயே நிற்கிறது. 4 வருடம் கழித்து விற்கிறோம்.

கூப்பன் 8 தவணை, மொத்தம் ரூ.28. ஒவ்வொரு கூப்பனையும் அரையாண்டுக்கு 4% வீதம் மறுமுதலீடு செய்தால், எட்டும் சேர்ந்து ரூ.32.25 ஆகும். இதில் 28 கூப்பன், மீதி 4.25 மட்டுமே மறுமுதலீட்டு வருமானம். பலர் 32.25 முழுவதையும் மறுமுதலீட்டு வருமானம் என்று எழுதி, அதோடு 28-ஐயும் கூட்டிவிடுகிறார்கள்.

விற்கும் நாளில் பத்திரத்துக்கு 6 வருடம்தான் பாக்கி. எனவே 12 தவணையையும் முதலையும் 4%-இல் தள்ளுபடி செய்தால் விலை ரூ.95.31, விலை இழப்பு ரூ.4.69. இங்கேதான் அடுத்த சறுக்கல்: 20 தவணை போட்டு 93.20 என்று எழுதுவது. அது வட்டி ஏறிய அன்றைய விலை. முதிர்வு நெருங்க நெருங்க விலை 100-ஐ நோக்கி நகரும்; இடைப்பட்ட 4 வருடத்தில் சுமார் ரூ.2.10 அப்படித் திரும்பி வந்திருக்கிறது.

எக்செல்லில் மூன்றே வரி:

```
=FV(4%,8,-3.5)
=PV(4%,12,-3.5,-100)
=2*RATE(8,0,-100,127.56)
```

முதல் வரி 32.25 தரும். இரண்டாவது 95.31. கூட்டினால் 127.56. மூன்றாவது வரி ஆண்டு வருமானம் 6.18% என்று காட்டும். 28 + 4.25 − 4.69 = 27.56 என்று மூன்று பங்கும் மொத்த ஆதாயத்தோடு ஒத்துப்போகிறதா என்று கட்டாயம் சரிபாருங்கள். அந்த 27.56-ஐ நான்கால் வகுத்து 6.89% என்று சொல்லிவிடாதீர்கள். கூட்டு வட்டி அதில் விட்டுப்போகும்.

இப்போது யீல்டு 7%-லேயே இருந்திருந்தால்? மறுமுதலீட்டில் 3.68, விலையில் மாற்றம் இல்லை, வருமானம் 7%. அதாவது வட்டி ஏறியதால் மறுமுதலீட்டில் கூடுதலாக வந்தது வெறும் 57 காசு, விலையில் போனது ரூ.4.69. நான்கே வருடத்தில் அந்தப் பள்ளத்தை நிரப்ப கூப்பன்களுக்கு நேரம் போதவில்லை.

இதே பத்திரத்தை ஏழரை வருடம் வைத்திருங்கள். கூப்பன் ரூ.52.50. மறுமுதலீட்டு வருமானம் 7%-இல் 15.03 ஆக இருந்திருக்கும், 8%-இல் 17.58. கூடுதல் ரூ.2.55. விற்கும்போது இரண்டரை வருடமே பாக்கி என்பதால் விலை 97.77, இழப்பு 2.23. ஒன்று மற்றொன்றை மிஞ்சிவிட்டது, வருமானம் 7.03%. யீல்டு 6%-ஆக இறங்கியிருந்தாலும் ஏழரை வருடத்தில் 6.99% கிடைத்திருக்கும். ஏறினாலும் இறங்கினாலும் ஏறக்குறைய ஒரே இடம். காரணம், இந்தப் பத்திரத்தின் மெக்காலே டியூரேஷன், அதாவது போட்ட பணம் கைக்குத் திரும்பி வர ஆகும் சராசரிக் காலம், சுமார் 7.35 வருடம். வைத்திருக்கும் காலம் அதைவிடக் குறைவென்றால் விலை அபாயம் மேலோங்கும். அதிகமென்றால் மறுமுதலீட்டு அபாயம்.

நேர்முகத் தேர்வில் இந்த இரண்டு கால அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். கூடவே, யீல்டு ஒரே ஒரு முறை, வாங்கிய உடனே மாறியதாக வைத்துக்கொண்டேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். யீல்டு மூன்றாம் வருடக் கடைசியில் ஏறினால், முந்தைய கூப்பன்கள் எல்லாம் 7%-லேயே வளர்ந்திருக்கும். ஆனால் விலை அதே 95.31-க்குத்தான் விழும். கையில் வருவது 6.18%-ஐ விடக் குறையும்.

கூப்பன் தேதிக்கு நடுவில் விற்பதாகக் கேட்டால், வாங்குபவர் தரும் தொகையில் சேர்ந்த வட்டியும் இருக்கும். மூன்று மாதம் ஓடியிருந்தால் அது ரூ.1.75. அதைக் கூப்பன் பங்கில் சேருங்கள். விலை மாற்றத்தில் போட்டால், விலை ஏறியது போல ஒரு பொய்த் தோற்றம் வரும்.